99%-ல் நிற்கும் பதிவிறக்கம்: aria2c-யோடு பல வருட அனுபவம்

ஐஎஸ்ஓ கோப்புகளும் பெரிய தரவுத் தொகுப்புகளும் இறக்குவதற்குப் பல வருடமாக நான் பயன்படுத்துவது `aria2c`. ஒரே கோப்பைப் பல துண்டாகப் பிரித்து, பல இணைப்புகளில் ஒரே நேரத்தில் இறக்கும் கட்டளைவரிக் கருவி இது. வேகம் பிடித்துப்போய்தான் ஆரம்பித்தேன். ஆனால் இன்றுவரை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம், இறக்கம் கடைசியில் மாட்டிக்கொள்ளும்போது ஏன் மாட்டியது என்று திரையிலேயே காட்டிவிடுவதுதான்.

2.5 ஜிபி கோப்பு ஒன்றை நான்கு இணைப்புகளில் இறக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மளமளவென்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று இப்படி ஆகிறது:

```
[#5d3a1c 2.4GiB/2.5GiB(99%) CN:1 DL:9.0KiB ETA:45m30s]
```

இதில் எல்லோர் கண்ணும் 99%-க்குத்தான் போகும். பார்க்க வேண்டியது `CN:1`. நான்கு இணைப்புகளில் மூன்று தங்கள் பங்கை முடித்துவிட்டன. மிச்சமிருக்கும் 24 எம்பி முழுவதும் சோர்ந்துபோன ஒரே இணைப்பின் தலையில் இருக்கிறது. சும்மா இருக்கும் மற்ற மூன்றும் ஏன் கைகொடுக்கவில்லை? துண்டின் குறைந்தபட்ச அளவு இயல்பாக 20 எம்பி. அதன் இரண்டு மடங்குக்கு, அதாவது 40 எம்பிக்கு, குறைந்த பகுதியை இந்தக் கருவி மேலும் பிரிக்காது. 24 எம்பி அந்த வரம்புக்குள் விழுந்துவிட்டது.

இந்த நிலையில் கோப்பை அழிக்கவே வேண்டாம். Ctrl+C அழுத்தி நிறுத்திவிட்டு, அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தால் போதும். புது இணைப்பு பிறக்கும். பெரும்பாலும் அந்த 24 எம்பி சில நொடிகளில் வந்துவிடும். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் ஆரம்பத்திலேயே துண்டின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். நான் எப்போதும் கொடுப்பது இதைத்தான்:

```
aria2c -x 4 -s 4 -k 1M -o image.iso "URL"
```

`-k 1M` கொடுத்த பிறகு, வேலை முடிந்த இணைப்புகள் மிச்சத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. `-x`-ஐ இதற்கு மேல் கூட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. சில சர்வர்கள் ஒரே முகவரியிலிருந்து வரும் அதிகப்படியான இணைப்புகளை வெட்டிவிடும். அப்போது மறுபடி கடைசியில்தான் அடிபடுவோம்.

நிறுத்தித் தொடங்குவது வேலை செய்வதற்கு ஒரே ஆதாரம், கோப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் `image.iso.aria2` என்ற சின்னக் கோப்பு. எந்தெந்தத் துண்டு வந்துவிட்டது என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. குப்பை என்று நினைத்து அதை அழித்துவிடாதீர்கள். இயல்பான அமைப்பில் இந்தக் கருவி முழுக் கோப்புக்கான இடத்தையும் முதலிலேயே ஒதுக்கிவிடுகிறது. ஆகவே `ls` கொடுத்துப் பார்த்தால் பாதியில் நின்ற கோப்பும் முழு அளவாகத் தெரியும். கணக்குக் கோப்பு இல்லாமல், விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லும் `-c` கொடுத்தீர்களானால், அளவு சரியாக இருப்பதைப் பார்த்து முடிந்துவிட்டது என்றே அது எடுத்துக்கொள்ளும். நடுவில் வெற்றிடங்களோடு ஒரு கோப்பு உங்கள் கையில் இருக்கும்.

மறுபடி ஓட்டும்போது `403` வந்தால் பிரச்சினை வேறு. உள்நுழைந்து எடுக்கும் பல தளங்களில் இணைப்பு முகவரிக்குக் காலக்கெடு உண்டு. இறக்கம் நீண்டுபோனால் கெடு முடிந்துவிடுகிறது; அதற்குப் பின் கேட்கப்படும் துண்டுகளுக்கு அனுமதி கிடைப்பதில்லை. இதற்கும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. தளத்தில் புது முகவரி எடுத்து, `-o`-வில் அதே பழைய பெயரைக் கொடுங்கள். கணக்கு கோப்பின் பெயரோடு ஒட்டியிருப்பதால் விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் நெட்டைக் குறைசொல்லாமல் வட்டைப் பாருங்கள். பென்டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் ஒரு கோப்பு 4,294,967,295 பைட்டை, அதாவது ஏறக்குறைய 4 ஜிபியை, தாண்டாது. 4.2 ஜிபி கோப்பைப் பிரவுசரில் நேராக அதில் இறக்கினால் 95% வரை நன்றாகப் போய்த்தான் நிற்கும். எத்தனை தடவை தொடங்கினாலும் அதே கதைதான். `aria2c` இடத்தை முதலிலேயே ஒதுக்க முயல்வதால் இந்தப் பிழை ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. பெரிய கோப்புக்கு இடம் ஒதுக்கும்வரை சற்றுக் காத்திருக்க வேண்டியிருந்தாலும், இந்த ஒன்றுக்காகவே நான் அந்த அமைப்பை அணைப்பதில்லை.

விட்டுவிட்டு இறக்கிய கோப்பை நான் சோதிக்காமல் திறப்பதில்லை. இடையில் சர்வரில் கோப்பையே மாற்றியிருந்தால் பழைய துண்டும் புதுத் துண்டும் கலந்திருக்கும். அளவு ஒன்றாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

```
sha256sum image.iso
```

தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு இது பொருந்தாவிட்டால், அப்போது மட்டும் கோப்பையும் `.aria2`-வையும் சேர்த்து அழித்துவிட்டுப் புதிதாக இறக்குகிறேன்.