க்விக்கை அணைத்து வைப்பதா, ரவுட்டரைச் சரிசெய்வதா: தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு ஒப்பீடு

எங்கள் கடையில் மூன்று கணினிகள். ஜெராக்ஸ், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம், இதுதான் தொழில். போன மழையில் கரண்ட் ஏறி இறங்கி ரவுட்டர் போய்விட்டது. அலமாரியில் கிடந்த பழைய ரவுட்டரை எடுத்து மாட்டினேன். மறுநாளிலிருந்து ஒரு விநோதமான தொல்லை. வங்கித் தளம் திறக்கிறது, அரசு விண்ணப்பத் தளமும் திறக்கிறது, ஆனால் ஜிமெயில், கூகுள் டிரைவ், யூடியூப் எல்லாம் நடுவில் நின்றுபோய் `ERR_QUIC_PROTOCOL_ERROR` என்று காட்டுகின்றன. "அண்ணா, நெட் இருக்கா இல்லையா?" என்று சான்றிதழ் அனுப்ப வந்த பெண் கேட்டபோது என்னால் இரண்டில் எதையும் சொல்ல முடியவில்லை.

சில தளங்கள் மட்டும் விழுவதற்குக் காரணம் எளிது. இணையத்தில் பெரும்பாலான தளங்கள் டிசிபி என்ற பழைய தரவு அனுப்பும் முறை வழியாக வருகின்றன. கூகுள் தளங்களும் இன்னும் பல பெரிய தளங்களும் க்விக் என்ற புதிய முறை வழியாகவும் வரும். அது டிசிபிக்குப் பதிலாக யுடிபி என்ற வேறொரு முறையின் மேல், யுடிபி 443 என்ற போர்ட்டில் ஓடுகிறது. இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது வழியில் யாராவது யுடிபியை மட்டும் மறித்தால் இவை விழும், மற்றவை எதுவும் நடக்காதது போல் ஓடும். இன்னொரு குழப்பமும் உண்டு. க்விக் தோற்றுவிட்டது என்று தெரிந்தால் குரோம் கொஞ்ச நேரம் அந்தத் தளத்துக்கு டிசிபியில் போய்விடும். அதனால் ரிஃப்ரெஷ் செய்தால் சில சமயம் திறக்கும், நாமும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம், பிறகு திரும்பவும் வரும்.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. குரோமில் க்விக்கை அணைத்து வைப்பது, ரவுட்டரிலேயே யுடிபி 443-ஐ மூடிவிடுவது, ரவுட்டரில் எது மறிக்கிறது என்று தேடி எடுப்பது. மூன்றையும் செய்து பார்த்தேன். நான் மூன்றாவது பக்கம்தான் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், ஆனால் முதலாவது இல்லாமல் மூன்றாவதுக்குப் போயிருக்க முடியாது.

முதல் வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். `chrome://flags/#enable-quic` என்று முகவரிப் பட்டையில் அடித்து, Disabled ஆக்கி, குரோமைத் திரும்பத் திறக்க வேண்டும். சோதிக்க மட்டும் என்றால் இதைவிட நல்லது, எல்லாக் குரோம் சன்னல்களையும் மூடிவிட்டு விண்டோஸ் விசையோடு R அழுத்தி இதை அடிப்பது:

```
chrome.exe --disable-quic
```

அந்த முறை மட்டும் க்விக் இருக்காது, பின்னால் எந்த மாற்றமும் மிச்சமிருக்காது. பின்னணியில் குரோம் ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டளை எடுபடாது, அதனால் டாஸ்க் மேனேஜரில் பார்த்து முழுவதும் மூட வேண்டும். எடுபட்டதா என்று பார்க்க F12 அழுத்தி Network பகுதிக்குப் போய், நெடுவரிசைத் தலைப்பில் வலது சொடுக்கி Protocol என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். `h3` என்றால் க்விக், `h2` என்றால் டிசிபி. என் கணினியில் `h3` போய் `h2` வந்தது, டிரைவும் ஜிமெயிலும் ஒழுங்காக ஓடின. அப்புறம் க்விக்கைத் திரும்ப உயிர்ப்பித்து, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் அதே கணினியை இணைத்தேன். அதிலும் நன்றாக ஓடியது. அப்படியென்றால் கணினியும் தளமும் நிரபராதி, குற்றவாளி கடை ரவுட்டரிலோ அதற்கு மேலே உள்ள லைனிலோதான். க்விக்கை அணைத்தும் தொல்லை போகவில்லையென்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். ஒரே ஒரு தளம் மட்டும், ஹாட்ஸ்பாட்டிலும் விழுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் அந்தத் தளத்திலேயே இருக்கும்.

இத்தோடு விட்டிருக்கலாமே என்று பக்கத்துக் கடைத் தம்பி கேட்டான். வேகம் குறையுமா என்றால், கடையில் கேபிளில் மாட்டிய கணினியில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஓடுகிற பேருந்தில் கைப்பேசி பார்ப்பவருக்குத் தெரியலாம், அந்த அனுபவம் எனக்குக் குறைவு. எனக்கு இடித்தது வேகம் அல்ல, பராமரிப்பு. இந்த அமைப்பு அந்தக் கணினியின் அந்த பிரௌசருக்கு மட்டும்தான். மூன்று கணினி, ஒவ்வொன்றிலும் குரோமும் எட்ஜும் என்றால் ஆறு இடம். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் திரும்பச் செய்ய வேண்டும். வாடிக்கையாளர் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து நம் வைஃபையில் சேர்ந்தால் அவருக்கு அதே பிழை. மேலும் flags பக்கத்தில் இருப்பவை சோதனை வசதிகள், நிரந்தரம் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

ரவுட்டரில் யுடிபி 443-ஐ மூடினால் இந்தத் தொல்லை இல்லை, ஒரே இடத்தில் வேலை முடியும், க்விக் தொடக்கத்திலேயே கிடைக்காததால் எல்லாச் சாதனமும் டிசிபிக்குப் போய்விடும். ஒருநாள் அப்படி வைத்துப் பார்த்தேன், ஓடியது. ஆனால் எல்லா ரவுட்டரிலும் அந்த வசதி கிடையாது. சில விபிஎன்கள் அதே போர்ட்டைப் பயன்படுத்துவதால் அலுவலக வேலைக்கு லேப்டாப் கொண்டுவருகிறவர் மாட்டிக்கொள்வார், அவருக்கு ஏன் ஓடவில்லை என்று அப்போது என் நினைவுக்கு வருமா என்பதும் சந்தேகம்.

அதனால் ரவுட்டர் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். பாதுகாப்புப் பகுதியில் DoS Protection, அதற்குள் UDP Flood என்று ஒன்று டிக் ஆகியிருந்தது. எல்லை: நொடிக்கு 500 பாக்கெட். முன்பு இந்த ரவுட்டரைப் பார்த்தவர் யாரோ வைத்தது. ஒரு கணினி இந்த எல்லையைத் தாண்டினால், தாக்குதல் என்று நினைத்து அதன் யுடிபியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிடும்.

கணக்குப் போட்டதும் எல்லாம் பொருந்தியது. குரோம் அனுப்பும் க்விக் பாக்கெட் ஒன்று ஏறக்குறைய 1,250 பைட். 500 பாக்கெட் என்றால் நொடிக்கு 6,25,000 பைட், அதாவது 5 எம்பிபிஎஸ். என் லைனில் அப்லோட் 30 எம்பிபிஎஸ். ஸ்கேன் செய்த பெரிய பிடிஎஃபை டிரைவில் ஏற்றத் தொடங்கிய சில நொடிகளில் எல்லை தாண்டிவிடும், யுடிபி நின்றுவிடும், ஏற்கெனவே கைகுலுக்கி ஓடிக்கொண்டிருந்த இணைப்பு பதில் வராமல் செத்துப்போகும், அதே நேரத்தில் அந்தக் கணினியில் திறந்திருந்த யூடியூபும் ஜிமெயிலும் கூடவே போகும். தளங்களின் பெயரைத் தேடும் கேள்விகளும் யுடிபிதான், ஆனால் அவை ரவுட்டரிடமே போய் முடிவதால் என் கடையில் சிக்கவில்லை, வங்கித் தளம் தொடர்ந்து திறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். காலையில் கடை திறந்ததும் வராமல், ஸ்கேன் வேலை சூடு பிடித்த பிறகு மட்டும் பிழை வந்ததும் இதனால்தான்.

எல்லையை 5,000 ஆக்கினேன். இது 50 எம்பிபிஎஸ் வரை தாங்கும், என் லைனுக்கு மேலேயே இருக்கிறது. முழுவதும் அணைத்திருந்தாலும் பெரிய ஆபத்து இல்லை, நாம் கேட்காமல் வெளியிலிருந்து வருவதை ரவுட்டரின் என்ஏடி எப்படியும் உள்ளே விடாது. மூடியிருந்த 443-ஐத் திறந்துவிட்டு, மூன்று கணினிகளிலும் ஒரே நேரத்தில் 80 எம்பி கோப்பு ஒவ்வொன்றை டிரைவில் ஏற்றினேன். Protocol நெடுவரிசையில் கடைசி வரை `h3`, பிழை வரவில்லை.

ஆண்டிவைரஸ் க்விக்கைக் கெடுத்ததை ஒரே ஒரு முறைதான், காசிமேட்டில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்திருக்கிறேன். அங்கே ஹாட்ஸ்பாட்டிலும் பிழை வந்தது, ஆண்டிவைரஸின் வலைப் பாதுகாப்பை நிறுத்தியதும் போனது. அவர் வீட்டில் ஒரே கணினி, ஒரே பிரௌசர். வலைப் பாதுகாப்பைத் திரும்பப் போட்டுவிட்டு flags-இல் Disabled வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன், அவருக்கு அது போதும். என் கடையில் ரவுட்டர் மேல் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறேன்: UDP Flood 5,000, ரீசெட் செய்தால் திரும்ப மாற்றவும்.