பினாங்குப் புழுக்கத்தில் வெட்டிவேர்: நான்கு வருட அனுபவம்

நான்கு வருடங்களாக எங்கள் வீட்டில் வெட்டிவேர் புழங்குகிறது. குடிக்கும் தண்ணீரில் போடுகிறேன், தூங்கும் முன் அதன் எண்ணெயைப் பயன்படுத்துகிறேன். ஒரு தடவை தட்டியாகவும் தொங்கவிட்டுப் பார்த்தேன். வெட்டிவேரின் குளுமையைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்த பேச்செல்லாம் மதுரை, திருச்சி வெயிலைப் பார்த்தவர்களின் பேச்சு. பினாங்கின் சூடு வேறு மாதிரி. அதனால் எது இங்கே எடுபடும், எது எடுபடாது என்று நானே பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

தட்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு விஷயம் புரிந்ததே அதில்தான். ஜெலுத்தோங்கில் எங்களுடையது மேற்கு பார்த்த அடுக்குமாடி வீடு. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வரவேற்பறைச் சுவரைத் தொட்டால் கை சுடும். மதுரையிலிருந்து வந்த சித்தப்பா, ஜன்னல் அளவுக்கு ஒரு வெட்டிவேர்த் தட்டியைச் சுருட்டிக் கொண்டுவந்தார். "தண்ணி தெளிச்சு மாட்டி விடும்மா, ஏசியே தேவைப்படாது" என்றார். அவர் சொன்னதை நான் சந்தேகப்படவில்லை. ஒரு மே மாதம் அவர் வீட்டில் அந்தத் தட்டிக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். வெளியே அனல் பறக்க, உள்ளே வேறு ஊர் போல இருந்தது.

இங்கே மாட்டிய அன்று அறையில் 32 டிகிரி, ஈரப்பதம் 72 சதவீதம். சுவரில் மாட்டும் சின்ன மானியில் பார்த்தேன். தட்டியை நன்றாக நனைத்து, பின்னால் காற்றாடியை ஓடவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 31 டிகிரி, ஈரப்பதம் 79. ஒரு டிகிரி குறைந்ததற்குப் பதிலாக உடம்பெல்லாம் பிசுபிசுத்தது. வாசனை மட்டும் அற்புதமாக இருந்தது.

காரணம் இதுதான். தட்டி குளிர்விப்பது வேரால் அல்ல, தண்ணீர் ஆவியாவதால். ஆவியாகும் தண்ணீர் காற்றிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதற்குக் காற்று காய்ந்திருக்க வேண்டும். 40 டிகிரி சூடும் 20 சதவீத ஈரமும் உள்ள ஊரில், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஏறக்குறைய 22 வரை இறங்கும், நனைந்த தட்டியால் எட்டக்கூடிய எல்லையும் அதுதான். 32 டிகிரியும் 70 சதவீத ஈரமும் உள்ள நம் ஊரில் அது 27-க்குக் கீழே போகாது. அதுவும் உச்சபட்சக் கணக்கு. நடைமுறையில் அந்த இறக்கத்தில் பாதி கிடைத்தாலே பெரிது. நம்முடைய வியர்வை காயாமல் தோலிலேயே நிற்பதும் இதனால்தான். அந்தக் காற்றில் மேலும் ஈரத்தைச் சேர்த்தால் புழுக்கம் கூடத்தான் செய்யும்.

ஒன்பதாம் நாள் தட்டியின் பின்பக்கம் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. முகர்ந்தால் பழைய கோணிச்சாக்கு வாடை. பூஞ்சை பிடித்துவிட்டது. ராத்திரியிலும் முழுதாகக் காயாத பொருள் இந்த ஊரில் அப்படித்தான் ஆகும். மனமில்லாமல்தான் தூக்கிப் போட்டேன். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ தட்டி வாங்க நினைப்பவர்கள் அந்தக் காசை மிச்சப்படுத்தலாம்.

சரி, தண்ணீருக்கு வருவோம். லிட்டில் இந்தியாவில் நாட்டு மருந்துச் சாமான் விற்கும் கடைகளில் வேர் கட்டாகக் கிடைக்கும். மலாய்க்காரர்கள் இதை ‘ஆக்கார் வாங்கி’ என்பார்கள், வாசனை வேர் என்று பொருள். விலாமிச்சை வேர் என்று தந்தால் வாங்க வேண்டாம், அது வேறு செடி. நல்ல வெட்டிவேர் மெல்லிய கம்பி போல இருக்கும், வளைத்தால் சட்டென்று ஒடியாது, நிறம் செம்பழுப்பு. காய்ந்த நிலையில் வாசனை லேசாகத்தான் வரும். அதனால் கடையில் நான் செய்வது இது: நாலு வேரை எடுத்து ஈர விரலால் நன்றாகக் கசக்கி முகர்வேன். மழை விழுந்த மண் வாசனையும், அதற்கு அடியில் லேசான இனிப்பும் வந்தால் சரக்கு நல்லது.

ஒரு தடவை இப்படிப் பார்க்காமல் கால் கிலோ வாங்கி ஏமாந்தேன். பார்க்க நன்றாக இருந்தது, கொஞ்சம் வெளிறியிருந்தது. முதல் நாள் ஊறலில் சிறிது மணம் வந்தது, இரண்டாம் ஊறலில் வெறும் வைக்கோல் தண்ணீர். எண்ணெய் வடித்தெடுத்த வேராகத்தான் இருக்க வேண்டும். வாசனை முழுவதும் அந்த எண்ணெயில்தான் இருக்கிறது, அது போனபின் மிஞ்சுவது நார்தான்.

வேரில் மண் நிறைய ஒட்டியிருக்கும். நான் பத்து நிமிடம் ஊறவைத்து அலசிக் கொட்டுவேன். தண்ணீர் தெளியும் வரை மூன்று நான்கு முறை ஆகும். பிறகு ஒரு நாள் வெயிலில் காயவைத்து, 10 கிராம் அளவுக்குச் சின்னச் சின்னக் கட்டாக நூலால் கட்டி வைத்துக்கொள்வேன். ஒரு கட்டு இரண்டு லிட்டருக்குப் போதும். மெல்லிய துணியில் முடிந்து, கொதிக்கவைத்து நன்றாக ஆறிய தண்ணீரில் இரவு போட்டால் காலையில் தயார். வேரைப் போட்டே கொதிக்கவைப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. கசப்பும் கஷாய வாசமும் வந்துவிடுகிறது.

மண்பானையில் வைத்தால் தண்ணீர் எவ்வளவு குளிர்கிறது என்றும் பார்த்தேன். வீட்டில் 30 டிகிரி இருந்த ஒரு காலை நேரம், எவர்சில்வர் குடத்தில் 30, வெறும் மண்பானையில் 28, வெட்டிவேர் போட்ட மண்பானையிலும் 28. ஆக வேர் தண்ணீரின் சூட்டைக் குறைக்கவில்லை. மதுரையில் பானைத் தண்ணீர் பல்லைக் கூசவைப்பதும் காய்ந்த காற்றால்தான். ஆனால் குடிக்கும்போது இரண்டு 28-ம் ஒன்றாக இல்லை. வேர்த் தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது மூக்கின் பின்புறம் அந்த மண் வாசனை ஏறுகிறது, அதுவே குளுமையாகத் தெரிகிறது. எங்கள் வீட்டில் வெறும் தண்ணீர் என்றால் முகம் சுளிக்கும் என் மகன், இந்தத் தண்ணீரை மதியத்துக்குள் மூன்று டம்ளர் குடித்துவிடுகிறான். எனக்கு நிஜமான பலன் அதுதான். பிப்ரவரி, மார்ச் வறட்சியில் இங்கே யாரும் போதுமான அளவு தண்ணீர் குடிப்பதில்லை.

கெட்டுப்போவது பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் தட்பவெப்பத்தில் வேரை 24 மணி நேரத்துக்கு மேல் தண்ணீரிலேயே விட்டால் வழவழப்பு வந்துவிடும். கட்டை எடுத்து விரலுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள், முட்டை வெள்ளைக்கரு போல வழுக்கினால், அல்லது தண்ணீர் கலங்கி லேசாகப் புளிப்பு வாடை வந்தால், தயங்காமல் கொட்டிவிடுங்கள். நான் காலையில் கட்டை எடுத்துப் பிழிந்து பால்கனி வெயிலில் போட்டுவிடுவேன். மொறமொறவென்று காய்ந்தால்தான் மறுபடி பயன்படுத்துவேன். மழை நாட்களில் காயாது, அப்போது வேர்த் தண்ணீர் கிடையாது. ஒரு கட்டு மூன்று ஊறல் தாங்கும். அப்புறம், வெயிலில் வேலை செய்து தலைசுற்றல் வாந்தி என்று வருபவருக்கு இது மருந்தல்ல. அவரை நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து விசிறிவிட்டு, மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும்.

எண்ணெய்க்கு நான் போனது தூக்கத்துக்காக. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, மாதத்தில் இரண்டு வாரம் இரவு ஷிஃப்ட். காலை எட்டு மணிக்கு வந்து, ஊரே விழித்திருக்கும் நேரத்தில் வெக்கையில் படுக்க வேண்டும். நல்ல வெட்டிவேர் எண்ணெய் தேன் போலக் கெட்டியாக இருக்கும், நிறம் பழுப்பு. குப்பியைச் சாய்த்தால் முதல் சொட்டு விழவே நேரமாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் குப்பியைச் சற்று நிறுத்தினால் இளகிவிடும். நான் முதலில் வாங்கிய மலிவுக் குப்பி தண்ணீராக ஓடியது, காகிதத்தில் ஒரு சொட்டு விட்டதில் சாயங்காலத்துக்குள் மணம் காணாமல் போனது. இப்போது இருப்பதன் சொட்டு காகிதத்தில் மூன்றாம் நாளும் மணக்கிறது. ஆவியாகப் பறக்காத கனமான எண்ணெய் இது, அதனால்தான் மற்ற வாசனைகளையும் பிடித்து நிறுத்த இதை வாசனைத் திரவியங்களில் சேர்க்கிறார்கள். இந்தோனேசியாவில் காருட் பக்கத்து எண்ணெயில் சில சமயம் புகை வாசம் தூக்கலாக இருக்கும். அது கலப்படமில்லை, வடிக்கும் முறையால் வருவது.

அளவு: 30 மில்லி தேங்காய் எண்ணெயில் 6 சொட்டு. ஏறக்குறைய ஒரு சதவீதம். முதல் தடவை முன்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் விட்டுப் பார்த்தேன், அரிப்பு இல்லை என்ற பிறகுதான் கழுத்திலும் உள்ளங்காலிலும் தடவத் தொடங்கினேன். குடிக்கும் தண்ணீரில் எண்ணெயை ஒரு சொட்டுகூட விடாதீர்கள். அது தண்ணீரில் கரையாது, அப்படியே நேரே வாயில் படும். நீராவி போலத் தூவும் வாசனைக் கருவியிலும் விடவேண்டாம், கெட்டி எண்ணெய் அடியில் பிசினாகப் பிடித்து என்னுடையது அடைத்துக்கொண்டது.

தடவியதும் உடம்பு குளிர்வதில்லை, கற்பூரம், புதினா போலச் சில்லென்ற உணர்வும் கிடையாது. மனம் அடங்குவதும் முதல் நாளே நடக்கவில்லை. முதல் வாரம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. குளித்து, திரையை இழுத்து, எண்ணெய் தடவிப் படுப்பது என்று தினமும் ஒரே வரிசையில் செய்ததில், மூன்றாம் வாரம் அந்த மணம் வந்தாலே தோள்பட்டை தளர்வதை உணர்ந்தேன். ஒரு விஷயத்தில் நான் தவறினேன். பதினைந்து நிமிடத்தில் மூக்குக்கு மணம் பழகி, எண்ணெய் தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். அதை நம்பி மேலும் மேலும் தடவியதில் இரண்டு நாள் தலைவலி. மணம் போகவில்லை, அறைக்குள் புதிதாக நுழையும் அம்மாவுக்கு வாசலிலேயே தெரியும். "என்னடி, கோயில் கருவறை மாதிரி மணக்குது" என்பார்.

மூன்று ஊறல் முடிந்த கட்டுகளைக் காயவைத்து அம்மாவின் புடவை அலமாரியில் போடுகிறோம். வெயில் நாட்களில் கதவைத் திறந்தால் ஒன்றுமே தெரியாது. சாயங்காலம் மழை கட்டிக்கொண்டு வந்து காற்றில் ஈரம் ஏறும்போது, மூடிய கதவையும் மீறி வாசம் அறைக்கு வந்துவிடுகிறது. அம்மா உடனே எழுந்து துணி எடுக்கப் போவார்.