பிஎல்எல் கிளாக்கும் கேட்டட் கிளாக்கும்: ஆர்ட்டிக்ஸ்-7ல ரொம்ப நாள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

ஆர்ட்டிக்ஸ்-7 எஃப்பிஜிஏ போர்டு ஒண்ணு ரொம்ப நாளா என் மேசைல ஓடிட்டு இருக்கு, வேலை 720பி வீடியோ வெளிய தள்ளுறது. போர்டுல இருக்குறது 100 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர், வீடியோவுக்கு வேணும்னா 74.25. கவுண்டர் வச்சு வகுத்தா இந்த நம்பர் வரவே வராது. சிப்புக்குள்ளயே கிளாக் உருவாக்கித் தர்ற எம்எம்சிஎம்ல 100ஐ முதல்ல 5ஆல வகுத்து, 37.125ஆல பெருக்குனா உள்ள இருக்க ஆசிலேட்டர், அதாவது விசிஓ, 742.5ல ஓடும், அதை 10ஆல வகுத்தா 74.25, 2ஆல வகுத்தா சீரியலைசருக்கு வேண்டிய 371.25. ஒரே விசிஓல இருந்து வர்றதால ரெண்டுக்கும் ஃபேஸ் உறவு மாறாது. மெதுவான ஸ்பீட் கிரேடுல விசிஓ 600ல இருந்து 1200க்குள்ள இருக்கணும், அதனால நினைச்ச நம்பர் எல்லாம் கிடைக்காது. சாதா பிஎல்எல்ல முழு எண்ணால மட்டும்தான் பெருக்க முடியும், அதான் இதுக்கு எம்எம்சிஎம். எம்எம்சிஎம்மோட LOCKED சிக்னல் மேல போற வரைக்கும் டிசைனை ரீசெட்லயே வச்சிருங்க, இந்தப் பக்கம் இதுவரைக்கும் தகராறே இல்ல.

தகராறு வந்தது கைமாறி வந்த பழைய மாட்யூல்ல. இப்படி இருந்துச்சு:

```verilog
assign gclk = clk & en;
always @(posedge gclk) q <= d;
```

சிமுலேஷன்ல அம்சமா ஓடும். போர்டுலயும் ஓடுச்சு, சம்பந்தமே இல்லாத இடத்துல ஒரு எல்ஈடி சேர்த்து திரும்ப பில்ட் பண்ணதும் டேட்டா ஒரு பிட் தள்ளிப் போச்சு 😅 காரணம் என்னன்னா, en வர்றதே அதே clk ஏறுனப்புறம் ஒரு ஃபிளிப்ஃபிளாப்ல இருந்து, அது ஒயர்ல வந்து சேர ஒரு நானோசெகண்ட் ஆகுதுன்னு வைங்க, 100 மெகாஹெர்ட்ஸ்ல clk 5 நானோசெகண்ட் மேலயே நிக்கும், அப்போ en இறங்குற நேரத்துல ஒரு நானோசெகண்டுக்கு ஒல்லியா ஒரு பல்ஸ் gclkல தப்பிச்சு வந்துரும். சில ஃபிளாப் அதை கிளாக்னு எடுத்துக்கும், சிலது எடுத்துக்காது.

இன்னொரு தொல்லை, இந்த கேட் சிப்புக்குள்ள ஒரு எல்யூடியா, அதாவது சாதா லாஜிக் பிளாக்கா, தான் உட்காருது. அதோட அவுட்புட் சாதா ஒயரிங்ல போனா ஒவ்வொரு ஃபிளாப்புக்கும் வேற வேற நேரத்துல போய்ச் சேரும், ஷிஃப்ட் ரெஜிஸ்டர்ல ஒரே எட்ஜ்ல டேட்டா ரெண்டு படி தாண்டிரும். இது ஹோல்டு வயலேஷன், ஸ்பீடைக் குறைச்சாலும் போகாது. பில்ட் பண்ற டூலான விவாடோ PLHOLDVIO-2னு கத்தும், ஆனா அது வெறும் வார்னிங்கா வர்றதால யாரும் மதிக்கிறதில்ல.

மாத்துனது இவ்ளோதான்:

```verilog
always @(posedge clk)
  if (en) q <= d;
```

ஃபிளாப்லயே எனேபிள் பின் இருக்கு, டூல் அதை எடுத்துக்கும், கிளாக் தொடாம அப்படியே ஓடும். 1 ஹெர்ட்ஸ் எல்ஈடிக்கும் இதே வழிதான், எம்எம்சிஎம் சாதாரணமா 4.69 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ இறங்காது. கரண்ட் மிச்சம் பண்ண கிளாக்கையே நிறுத்தியாகணும்னா BUFGCE போடுங்க, அது clk கீழ இருக்கும்போதுதான் திறந்து மூடும்.