நிமோனியா நோயாளியின் கேர் பிளான்: மூன்று டயக்னோசிஸில் எது முதலில்?

கேர் பிளான் அசைன்மென்ட்டில் அசெஸ்மென்ட்டை எல்லோரும் ஓரளவு நன்றாகவே எழுதிவிடுகிறார்கள். தடுமாற்றம் அடுத்த கட்டத்தில்தான். நிமோனியா நோயாளி என்றால் மூன்று நர்சிங் டயக்னோசிஸ் போட்டிக்கு வரும்: இன்எஃபெக்டிவ் ஏர்வே கிளியரன்ஸ், இம்பேர்டு காஸ் எக்ஸ்சேஞ்ச், இன்எஃபெக்டிவ் பிரீதிங் பேட்டர்ன். மூன்றும் மூச்சு சம்பந்தப்பட்டவை என்பதால் எதை எழுதினாலும் சரி என்று தோன்றும். ஆனால் எதை முதலில் வைக்கிறோமோ, அதைப் பொறுத்துக் கீழே வரும் எல்லாக் கட்டமும் மாறிவிடும்.

ஒரு கற்பனை நோயாளியை வைத்தே பார்ப்போம். 68 வயது ஆண், சேர்ந்து இரண்டாம் நாள். “சளி நெஞ்சுலயே நிக்குது, எவ்வளவு இருமினாலும் வெளிய வர மாட்டேங்குது” என்கிறார். மூச்சு நிமிடத்துக்கு 28. காய்ச்சல் 38.6 டிகிரி செல்சியஸ். வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் ராங்கை கேட்கிறது. இருமலில் வலு இல்லை, வரும் கொஞ்சம் சளியும் கெட்டியாக, மஞ்சளாக இருக்கிறது. ஆக்சிஜன் செறிவு 89% இருந்தது. மருத்துவர் உத்தரவுப்படி நேசல் கேனுலாவில் நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்தபின் 94%. ஏபிஜி எடுக்கவில்லை.

பிரீதிங் பேட்டர்னை முதலில் தள்ளிவைத்துவிடலாம். மூச்சு வேகமாக இருப்பது மட்டும்தான் அதற்குச் சான்று. கழுத்துத் தசையை இழுத்து மூச்சு விடவில்லை, நெஞ்சு வலியால் மேலோட்டமாக மூச்சு விடுவதும் இல்லை. இங்கே வேகம் ஒரு விளைவுதான்.

காஸ் எக்ஸ்சேஞ்ச் வலுவான போட்டியாளர். 89% என்பது அலட்சியப்படுத்தக்கூடிய எண் இல்லை; உடனே தெரிவித்து ஆக்சிஜன் வைத்ததும் சரிதான். ஆனால் இதை முதலில் வைத்து, “ஆக்சிஜன் செறிவு 94% அல்லது மேல் இருக்கும்” என்று கோல் எழுதிப் பாருங்கள். கேனுலா வைத்ததுமே கோல் நிறைவேறிவிட்டது! சளி மட்டும் அங்கேயே இருக்கிறது. இன்டர்வென்ஷனிலும் பெரும்பாலும் மருத்துவர் உத்தரவை நிறைவேற்றுவதும் கண்காணிப்பதும்தான் மிஞ்சும். அதனால் இந்த நோயாளிக்கு இதை இரண்டாவதாக வைப்பேன். ஏபிஜியில் ஆக்சிஜன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு ஏறியிருந்தாலோ, புதிதாகக் குழப்பமோ தூக்கக்கலக்கமோ வந்தாலோ வரிசை மாறும். அப்போது கேர் பிளானுக்கு முன்னால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

என் தேர்வு ஏர்வே கிளியரன்ஸ். நோயாளி சொன்னதும், காதில் கேட்டதும், கண்ணில் பட்டதும் மூன்றுமே அதையே காட்டுகின்றன. காரணத்தை எழுதும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். “நிமோனியா காரணமாக” என்று பலர் எழுதுகிறார்கள். அது மருத்துவ டயக்னோசிஸ்; அதிலிருந்து நர்சிங் வேலை எதுவும் பிறக்காது. “கெட்டியான சளியும் வலுவற்ற இருமலும் காரணமாக” என்று எழுதினால், கெட்டியான சளி என்ற சொல்லே திரவம் கொடுப்பதைக் கொண்டுவரும். இதயமும் சிறுநீரகமும் அனுமதித்தால் நாளுக்கு 2 முதல் 2.5 லிட்டர். வலுவற்ற இருமல் என்றதும் நிமிர்த்தி உட்கார வைப்பது, விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை ஆழ்மூச்சுப் பயிற்சி, அப்புறம் ஹஃப் காஃப் சொல்லிக்கொடுப்பது. நெபுலைசேஷன் உத்தரவில் இருந்தால், அது முடிந்த பிறகு இருமச் சொல்வது பலன் தரும், மருந்து பாதையைத் திறந்துவிட்டிருக்கும். ரேஷனல் கட்டத்தில் எழுத வேண்டியதும் இதைத்தான்.

கோல் இப்படி இருக்கலாம்: “24 மணி நேரத்துக்குள் நோயாளி தானே இருமிச் சளியை வெளியேற்றுவார், மூச்சு நிமிடத்துக்கு 24ஐத் தாண்டாது, ராங்கை குறையும்.” எவால்யுவேஷனில் இதே மூன்றையும் திரும்ப அளக்க வேண்டும். மறுநாள் சளி வெளியே வருகிறது, மூச்சு 22, ஆனால் ராங்கை குறையவில்லை என்றால் “பாதி நிறைவேறியது” என்று எண்ணோடு எழுதி, எந்த இன்டர்வென்ஷன் தொடர்கிறது, எது மாறுகிறது என்பதையும் சேருங்கள்.

ராங்கை கேட்கவில்லை என்றதும் “கோல் நிறைவேறியது” என்று எழுதிவிடாதீர்கள். அந்த இடத்தில் மூச்சொலியே குறைந்திருந்தால் சளி பாதையை முழுதாக அடைத்திருக்கலாம். பாதை திறந்திருந்தால் ராங்கை போன இடத்தில் தெளிவான மூச்சொலி கேட்கும். மறுபக்க நுரையீரலின் அதே இடத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒப்பிட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.