புகையை விட நினைப்பவர்களுக்கு எது உதவும்: பெயர்ப் பட்டியலா, எல்லோருக்கும் ஒரே ஏற்பாடா?

எங்கள் ஷெட்டில் லேத்தும் ட்ரில்லிங்கும்தான். பீடி, சிகரெட்டை விட வேண்டும் என்று சிலர் தனித்தனியாக என்னிடம் சொன்னபோது இரண்டு வழிகள் இருந்தன. விட விரும்புகிறவர்களின் பெயரை எழுதி ஒட்டி, சாதித்தவருக்குப் பரிசு தருவது ஒன்று. யாரென்றே கேட்காமல் எல்லோருக்கும் ஒரே ஏற்பாடு செய்வது இன்னொன்று. நான் எடுத்தது இரண்டாவதை. வேலையிடத்துக்குள் புகைக்க 2008 முதலே தடை. அது இரண்டுக்கும் பொது.

பட்டியலிலும் பலன் உண்டு. நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் சிலருக்கு வைராக்கியம் வரும். ஆனால் விடுகிறவர்களில் பலர் இடையில் ஒரு தடவையாவது மறுபடி பற்றவைப்பார்கள். பெயர் சுவரில் இருந்தால் அந்த ஒரு பீடி கேலிப்பேச்சாகிவிடும். அதற்கப்புறம் அவர் யாரிடமும் உதவி கேட்க மாட்டார்.

எனக்கு முடிவைத் தந்தது ஐந்து நிமிட இடைவெளிதான். விட்ட முதல் சில நாட்கள்தான் ரொம்பக் கஷ்டம். எரிச்சலும் தூக்கக் கெடுதலும் சில வாரம் இருக்கும். ஆனால் ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். மெஷினை விட்டு நகர முடியாதவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, டீ டைம் வந்ததும் நேராகக் கேட்டுக்கு வெளியே பெட்டிக்கடைக்குப் போவார். அதனால் ஷிப்டில் இரண்டு முறை யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடம் போய்வரலாம் என்று வைத்தோம். கையில் இருக்கும் பீஸ் முடிந்ததும் ஹெல்பர் மெஷினில் நிற்பார். காரணம் கேட்பதில்லை, நோட்டில் குறிப்பதும் இல்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவரும் முதுகை நிமிர்த்தப் போகிறவரும் தவிப்பைத் தாண்டப் போகிறவரும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான். டீயையும் ஷெட்டுக்குள்ளேயே வரவழைத்தோம்.

நிகோடின் சூயிங்கம் போடுகிறவருக்கும் இந்த இடைவெளி உதவுகிறது. அதை மெதுவாக மென்று, சுருக்கென்றதும் கன்னத்தோரம் ஒதுக்கி வைக்க வேண்டும். டீ குடித்துக் கால்மணி நேரமாவது போகாமல் போட்டால் மருந்து சரியாகச் சேராது. டீ டைம் மட்டும்தான் இடைவேளை என்றால் இது நடக்காது. இதய நோய் உள்ளவர் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

சம்பளக் கவருடன் எல்லோருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண் அச்சடித்த சீட்டும் போகிறது. அது புகையிலையை விட உதவும் தேசிய எண், தமிழிலும் பேசுவார்கள். ஆலோசகர்களே பிறகு திரும்ப அழைப்பதும் உண்டு. போனை லாக்கரில் வைக்கச் சொல்லும் ஷெட்டில் அந்த அழைப்பு வீணாகும். ஆகவே மெஷினைவிட்டு நகர்ந்து போனை எடுக்க எல்லோருக்கும் அனுமதி. எடுக்கிறவர் வீட்டோடு பேசுகிறாரா, ஆலோசகரோடா என்பது எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

எங்களுக்கு நைட் ஷிப்ட் இல்லை. ஹெல்பர் இல்லாமல் தனி ஆள் ஓட்டும் இரவு மெஷினில் இந்த ஐந்து நிமிடம் இப்படியே ஓடும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே உற்பத்திக் கணக்கில் முதலிலேயே அதைக் கழித்து வைக்க வேண்டியிருக்கும்.