பிராக்சிமா சென்டாரிக்கு மூன்று கப்பல்கள்: எது எங்கே தடுமாறுகிறது?

சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் பிராக்சிமா சென்டாரி. தூரம் 4.24 ஒளியாண்டு. வாயேஜர் 1 விண்கலம் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அது போகும் திசை வேறு. ஆனால் அதே வேகத்தில் பிராக்சிமாவுக்குப் புறப்பட்டால் போய்ச் சேர ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் ஆகும். ஒரு மனித ஆயுளுக்குள் போக வேண்டுமானால் வேகம் சுமார் ஆயிரம் மடங்காவது கூட வேண்டும்.

இதற்காக யோசிக்கப்பட்ட வழிகளில் மூன்றை இங்கே எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். பிரிட்டிஷ் கோள்களிடைச் சங்கம் 1973 முதல் 1978 வரை வரைந்த டீடலஸ் ஒன்று. 2016-இல் அறிவிக்கப்பட்ட பிரேக்த்ரூ ஸ்டார்ஷாட் இன்னொன்று. மூன்றாவதற்கு வடிவமைப்பு எதுவும் கிடையாது, அது ஒரு இயற்பியல் கணக்கு: பயணம் முழுக்கப் புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கத்திலேயே போகும் ஆள் ஏறும் கப்பல்.

மூன்றையும் அளக்க ஒரே அளவுகோல் போதும். அதற்குப் பெயர் காமா. கப்பலின் கடிகாரம் பூமியின் கடிகாரத்தைவிட எத்தனை மடங்கு மெதுவாக ஓடுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. ஒளியின் வேகத்தில் 12 சதவீதம் போனால் காமா 1.007 மட்டுமே. 20 சதவீதத்தில் 1.02. 86.6 சதவீதத்தை எட்டும்போதுதான் அது 2 ஆகிறது. இந்தக் கால விரிவு வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 1970-களில் செர்ன் ஆய்வகத்தில் மியூவான் துகள்களைக் காமா 29 வரும் வேகத்தில் வளையத்துக்குள் சுற்றவிட்டார்கள். சராசரியாக 2.2 மைக்ரோநொடியில் சிதைய வேண்டிய அவை 64 மைக்ரோநொடி தாக்குப்பிடித்தன.

ஒளியின் வேகத்தைத் தாண்ட முடியாது என்பதால்தான் விண்மீன்களுக்குப் போக முடியவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பயணியின் பக்கமிருந்து பார்த்தால் அந்தத் தடை அவ்வளவு கடுமையானதே இல்லை. காமா 2 ஆனால் அவருக்கு 4.24 ஒளியாண்டு 2.12 ஆகச் சுருங்கிவிடும். அவருடைய கடிகாரப்படி இரண்டரை ஆண்டுக்குள் சேர்ந்துவிடுவார். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கப்பலுக்குக் கொடுக்க வேண்டிய இயக்க ஆற்றலின் சூத்திரம் இது; γ என்பது காமா, m கப்பலின் எடை, c ஒளியின் வேகம்:

(γ − 1) × m × c²

காலத்தைச் சேமித்துத் தரும் அதே காமாதான் ஆற்றல் கணக்கிலும் வந்து உட்காருகிறது. பயண நேரம் பாதியாக வேண்டும், அதாவது காமா 2 வேண்டும் என்றால், கப்பலின் முழு எடையும் ஆற்றலாக மாறினால் எவ்வளவு வருமோ அவ்வளவு தேவை. ஒரு கிலோவுக்கே அது 2,500 கோடி யூனிட் மின்சாரம். 1,000 டன் கப்பல் என்றால், இன்று உலகம் முழுவதும் ஓராண்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தைப் போல சுமார் 800 மடங்கு. அதுவும் வேகம் எடுக்க மட்டும். நிறுத்தும் செலவு தனி.

சரி, முதலில் டீடலஸ். டியூட்டீரியமும் ஹீலியம்-3-ம் அடைத்த சின்னச் சின்ன உருண்டைகளை நொடிக்கு 250 வீதம் எலக்ட்ரான் கற்றைகளால் வெடிக்க வைத்து, அணுக்கரு இணைவில் ஓடும் ஆளில்லாக் கலம். எரிபொருள் மட்டும் 50,000 டன். ஹீலியம்-3 பூமியில் அவ்வளவு கிடைக்காது என்பதால் வியாழனின் வளிமண்டலத்திலிருந்து எடுப்பதாகத் திட்டம். எட்டும் வேகம் ஒளியில் 12 சதவீதம். வடிவமைத்தவர்களின் இலக்கு பர்னார்டு விண்மீன். அதே கலத்தை பிராக்சிமாவுக்குத் திருப்பினால் சுமார் 35 ஆண்டுகள். கால விரிவால் கிடைக்கும் லாபம் மூன்று மாதம்!

டீடலஸ் நிற்காது, இலக்கைக் கடந்து போய்விடும். ஏன் நிறுத்தக்கூடாது? வெளியேறும் வாயுவின் வேகம் நொடிக்குச் சுமார் 10,000 கிலோமீட்டர், கலம் எட்ட வேண்டியது 36,000 கிலோமீட்டர். ராக்கெட் சமன்பாட்டின்படி, தோராயமாகப் பார்த்தால், புறப்படும் எடை சேரும் எடையைப் போல 37 மடங்கு இருக்க வேண்டும். நிறுத்தவும் அதே எரிபொருள்தான் என்றால் 37 இரட்டிப்பாகாது, வர்க்கமாகும்: 1,300 மடங்குக்கு மேல். நிறுத்துவதற்கான எரிபொருளையும் சேர்த்து முதலில் 36,000 கிலோமீட்டர் வேகத்துக்குத் தள்ளியாக வேண்டுமே.

ஸ்டார்ஷாட் இந்தச் சமன்பாட்டையே ஒதுக்கி வைக்கிறது, எனக்கு அதில் பிடித்ததே அதுதான். எஞ்சினும் எரிபொருளும் பூமியிலேயே இருக்கும். சில கிராம் எடையுள்ள சில்லு, சில மீட்டர் அகலத்தில் மிக மெல்லிய பாய், அதன்மேல் 100 கிகாவாட் அளவிலான லேசர் சில நிமிடங்கள். வேகம் ஒளியில் 20 சதவீதம், பயணம் 21 ஆண்டு. இதிலும் கால விரிவின் லாபம் ஐந்து மாதம்தான். பாய் ஒளியைப் பிரதிபலிக்காமல் சிறு பங்கை உறிஞ்சினாலும் கருகிவிடும் என்பது ஒரு கவலை. பெரிய கவலை, இதற்கும் பிரேக் கிடையாது. பிராக்சிமா-பி கோளின் சுற்றுப்பாதைக்குக் குறுக்கே நொடிக்கு 60,000 கிலோமீட்டரில் பாய்ந்தால், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நான்கே நிமிடம். அதற்குள் படமெடுக்க வேண்டும். அப்புறம் சில கிராம் கருவி தன் சிறு மின்சக்தியில் அனுப்பும் சமிக்ஞை 4.24 ஆண்டு பயணித்து வரும்போது, நாம் அதைப் பிடிக்க வேண்டும். ஒளிவேக எல்லை நிஜமாகக் கடிக்கும் இடம் இது. கலம் ஏதாவது கேட்டால் நம் பதில் போய்ச் சேரக் குறைந்தது எட்டரை ஆண்டாகும். எல்லா முடிவையும் அது தானே எடுத்தாக வேண்டும்.

மூன்றாவது கப்பல்தான் கேட்க மிக இனிமையானது. பாதி வழி முடுக்கம், பிறகு திரும்பி நின்று பாதி வழி வேகக் குறைப்பு. உள்ளே இருப்பவர்கள் வீட்டில் போலவே கால் ஊன்றி நடக்கலாம். உச்ச வேகம் ஒளியில் 95 சதவீதம், காமா 3.2. பூமியில் 5.9 ஆண்டு ஓடும்போது கப்பலில் மூன்றரை ஆண்டுதான். கால விரிவு உண்மையிலேயே பயன்தரும் ஒரே போட்டியாளர் இது. நின்று, இறங்கவும் முடியும்.

எரிபொருளைப் பார்ப்போம். பொருளும், அதைத் தொட்டதும் அதோடு சேர்ந்து அழியும் எதிர்ப்பொருளும் முழுக்க ஒளியாகி, அந்த ஒளி சிந்தாமல் பின்பக்கம் மட்டுமே பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதைவிடச் சிறந்த ராக்கெட்டை இயற்பியலே அனுமதிக்காது. அப்படியிருந்தும் புறப்படும் எடை 38 மடங்குக்கு மேல். சேரும் கப்பல் 1,000 டன் என்றால் எரிபொருள் சுமார் 37,600 டன், அதில் பாதி எதிர்ப்பொருள். மனிதர்கள் இதுவரை உருவாக்கிய எதிர்ப்பொருள் எல்லாம் சேர்ந்து ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்குகூட வராது. அங்கே எரிபொருள் கிடைக்காமல் திரும்பியும் வர வேண்டுமானால் 38 மறுபடி வர்க்கமாகி 1,490-ஐ ஒட்டிப் போகும்.

எரிபொருள் கிடைத்துவிட்டாலும் முன்பக்கம் காத்திருக்கிறது இன்னொன்று. விண்மீன்களுக்கு நடுவே ஹைட்ரஜன் அணுக்கள் மிக அரிதாகத்தான் இருக்கின்றன. ஆனால் 95 சதவீத வேகத்தில் அவையே துகள் முடுக்கியின் கற்றையாகிவிடும்: முகப்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நொடிக்கு நூற்றுக்கணக்கான கோடி மோதல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2 கிகா எலக்ட்ரான் வோல்ட். கனமான கவசம் வேண்டும். கவசத்தின் எடையை மறுபடி 38-ஆல் பெருக்க வேண்டும். மெதுவான கலங்களுக்கும் தப்பில்லை. 20 சதவீத வேகத்தில் ஒரு மில்லிகிராம் தூசு மோதினால் வெளிப்படும் ஆற்றல் 500 யூனிட் மின்சாரத்துக்குச் சமம்.

ஆகவே என் தேர்வு இது. தகவல் மட்டும் போதுமென்றால் ஸ்டார்ஷாட் வகைதான்; அதன் சிக்கல்கள் பொறியியல் சிக்கல்கள், பாய்ப் பொருளிலும் லேசரிலும் படிப்படியாகக் குறைக்கக்கூடியவை. மனிதர்களே போக வேண்டுமென்றால் மூன்றாவது கப்பலை நம்பிக் காத்திருப்பதைவிட, ஒளியில் சில சதவீத வேகத்தோடு திருப்தியடைந்து, நிறுத்தும் எரிபொருளுக்கு இடம்விட்டு, கால விரிவின் உதவியை மறந்துவிட்டுத் திட்டமிடுவதே சரி. ஒளியில் 5 சதவீதம் என்றால் பயணம் 85 ஆண்டு. புறப்படுபவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அங்கே இறங்குவார்கள்.