‘ஓ மை காட்’, ‘டேம்’: சப்டைட்டிலில் நெடுநாள் புழங்கிய தமிழ்ச் சொற்கள்

ஆங்கிலத் தொடர்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுவது பல வருடங்களாக என் வேலை. இடையிடையே டப்பிங் வசனமும் எழுதுவேன். ‘ஓ மை காட்’, ‘டேம்’ இரண்டும் வராத எபிசோடைப் பார்ப்பது அரிது. இவற்றுக்கு நான் போட்டுவரும் சொற்களில் எது எங்கே பொருந்துகிறது என்று சொல்கிறேன்.

‘அடக் கடவுளே’தான் முதலில் கைக்கு வரும். விபத்துச் செய்தி கேட்கும் காட்சிக்கு அது சரி. ஆனால் தோழியின் புதுச் செருப்பைப் பார்த்து ஒரு பெண் ‘ஓ மை காட்’ என்று குதிக்கும்போது அதைப் போட்டால், செருப்பு அறுந்துவிட்டதோ என்று தோன்றும். தமிழில் கடவுளைக் கூப்பிடுவது பெரும்பாலும் முறையிடத்தான். அங்கே ‘ஐயோ, சூப்பரா இருக்குடீ!’ நன்றாக உட்காருகிறது. ‘ஐயோ’ சந்தோஷத்துக்கும் ஆகும், ஆனால் பக்கத்தில் இன்னொரு சொல் வேண்டும். தனியாகத் திரையில் நின்றால் கெட்ட சேதியாகத்தான் படிப்பார்கள். ‘முருகா’, ‘ஏசப்பா’ பக்கம் நான் போவதே இல்லை. பாத்திரத்துக்கு இல்லாத பக்தியை அவை ஒட்டிவிடும்.

‘டேம்’ இதைவிடச் சிக்கல். வாய்தவறி வரும் சலிப்புக்கு ‘சே’ போதும். வியப்பில் வரும் ‘டேம்’ என்றால் ‘அடேங்கப்பா’. ‘நாசமாப் போக’ எனக்கு ஒத்துவரவே இல்லை, அது இன்னொருவருக்கு விடும் சாபம்.

ஒரு ‘டேம்’ எவ்வளவு கடுமையானது என்று தெரியாதபோது, காட்சியில் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பேன். ஒரு பையன் கார் அருகே நின்று ‘டேம், சாவியை மறந்துட்டேன்’ என்கிறான். யாரும் கண்டுகொள்ளவில்லை என்றால் ‘சே, சாவியை மறந்துட்டேன்.’ ஆனால் அடுத்த ஷாட்டில் அம்மா ‘லாங்க்வேஜ்!’ என்று அதட்டினால் ‘சே’ பலிக்காது. ‘சே’ என்றதற்கு எந்த அம்மாவும் திட்டமாட்டார். அங்கே ‘சனியன்! சாவியை மறந்துட்டேன்’ என்று எழுதி, அம்மாவுக்கு ‘வாயில நல்ல வார்த்தையே வராதா?’ என்று போடுவேன். நம் வீடுகளில் ‘சனியன்’ என்றால் உண்மையாகவே வரும் அதட்டல் அது. கெட்ட வார்த்தையும் இல்லை. ஆளைப் பார்த்துச் சொன்னால் மட்டும் வசையாகிவிடும், அதனால் சாவி, கதவு, மழை இவற்றோடு நிறுத்திக்கொள்வேன்.

சப்டைட்டிலில் ஒரு வசதி உண்டு: குரல் காதில் விழுவதால், இடம் போதாதபோது ஆச்சரியச் சொல்லையே விட்டுவிடலாம். டப்பிங்கில் அது முடியாது, உதடும் பொருந்த வேண்டும். ‘ஓ மை காட்’டில் ‘மை’ வரும்போது உதடு மூடித் திறக்கும். ‘ஐயய்யோ’வில் உதடு ஒட்டுவதே இல்லை, க்ளோசப்பில் அது தெரிந்துவிடும். வியப்புக் காட்சியென்றால் ‘அம்மாடி’ போடுவேன்: மூன்றே அசை, நடுவில் உதடும் மூடும், கனமும் ஏறாது. ஆனால் பதினாறு வயதுப் பெண் வாயில் அது கொஞ்சம் வயதாகித் தெரிகிறது. அவளுக்கு மட்டும் ‘ஓ மை காட்’டையே வைத்துவிடுகிறேன், சென்னைப் பிள்ளைகளும் அப்படித்தானே பேசுகிறார்கள்.